மன்னிப்புக் கேட்டவன் மாட்டிக்கொள்வானா?

அருப்புக்கோட்டையில் லோடு வண்டி வைத்திருப்பவர்கள் புதிதாகச் சேரும் ஓட்டுநருக்குச் சாவியோடு சேர்த்து ஒரு புத்திமதியும் கொடுப்பார்கள். “எங்கயாவது தட்டிருச்சுன்னா வாயத் தொறக்காத. அடிபட்டவன்ட்டப் போயி மன்னிச்சிருங்கன்னு சொன்ன, கேஸ் உன் தலையில விடிஞ்சிரும்.” திருச்சுழிப் பக்கம் ஆட்டோ ஓட்டுபவர், பந்தல்குடியில் டிப்பர் ஓட்டுபவர், நாற்கரச் சாலையில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் கார் ஓட்டுபவர் என எல்லாரும் இதைக் கேட்டே வளர்ந்தவர்கள். காப்பீட்டு முகவர்கள் இதை ஆமோதிப்பார்கள். வழக்கறிஞர்களில் சிலரும் “சும்மா இருக்கிறது நல்லதுதானே” என்று தலையாட்டுவார்கள். மன்னிப்பு என்பது வாயால் கொடுக்கும் கையெழுத்து, அதைக் கொடுத்துவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது என்பது இந்த நம்பிக்கையின் சாரம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விபத்து நடந்த இடத்தில் வருத்தம் தெரிவிப்பது, அதன் அளவில், சட்டப்படியான பொறுப்பை ஏற்றுக்கொள்வது ஆகாது. ஓட்டுநரை உண்மையில் கட்டிப்போடும் ஒப்புதல் வேறோர் இடத்தில், வேறு வடிவத்தில் நடக்கிறது. அந்த இடத்தைப் பற்றி எச்சரிக்கத்தான் ஆளில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15-ஆம் பிரிவு ‘ஒப்புதல்’ என்றால் என்ன என்று வரையறுக்கிறது. வழக்கில் தீர்மானிக்க வேண்டிய ஒரு சங்கதியைப் பற்றி ஏதாவது ஊகத்துக்கு இடம் தரும் எந்தக் கூற்றும், அது வாய்மொழியோ எழுத்தோ மின்னணுப் பதிவோ, ஒப்புதலாகலாம். வலை மிக அகலமானது. “மன்னிச்சிருங்க” என்ற சொல்லும் அதில் விழுந்துவிடும் என்று வாதாடுவதற்கு இடம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் வலையில் விழுவது ஒன்று, அது எடைக்கு நிற்பது இன்னொன்று. அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு, ஒப்புதல்கள் முடிந்த முடிவான சான்று அல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பழைய சட்டத்தில் இது 31-ஆம் பிரிவு. நூற்றைம்பது ஆண்டுகளாக மாறாத விதி. ஒப்புக்கொண்டவரே பின்னால் நீதிமன்றத்தில் அதை விளக்கலாம், எந்த நிலையில் சொன்னேன் என்று சொல்லலாம், தவறென்று காட்டலாம். 1952-இல் ஹனுமந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் உறுதி செய்தது. ஒருவர் சொன்னதில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் பிய்த்தெடுத்து அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. எடுத்தால் முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

இந்த விதிகள் தரையில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க, ஒரு விபத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்ளலாம். தை மாதம், பொழுது சாய்ந்து ஆறரை மணி. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குக் கரிமூட்டை ஏற்றிய குட்டியானை ஒன்று வருகிறது. வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டு எடுத்த கரி. வழியில் ஓர் ஊருக்கு வெளியே தார்ச்சாலையின் இடப்பாதியில் குதிரைவாலிக் கதிரைப் பரப்பியிருக்கிறார்கள். வண்டிகள் ஏறி மிதித்தால் தானியம் உதிரும். கதிர் சிதறாமலும் வண்டிகள் ஓரத்தைக் கலைக்காமலும் இருக்கச் சுற்றிலும் கல் வைத்திருக்கிறார்கள். அரை இருட்டில் கல் கண்ணில் பட்டதும் ஓட்டுநர் வலப்பக்கம் ஒடிக்கிறார். எதிரே டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்த பெரியவர் மீது வண்டி உரசுகிறது. அவர் விழுந்து கால் எலும்பு முறிகிறது.

ஓட்டுநர் இறங்கி ஓடுகிறார். “அய்யா, மன்னிச்சிருங்கய்யா. வேணும்னு செய்யல. கல்லு கெடந்துச்சு, ஒடிச்சேன், நீங்க வந்தது தெரியல.” நாலு பேர் கேட்கிறார்கள். ஒருவர் செல்போனில் படமும் எடுக்கிறார்.

ஊர் நம்பிக்கையின்படி ஓட்டுநரின் கதை இத்துடன் முடிந்தது. நடப்பதோ வேறு. பெரியவர் இழப்பீடு கேட்டு மோட்டார் விபத்துக் கோருரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறார். அங்கே நீதிபதியின் மேசைக்கு வருபவை காகிதங்கள். காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்தின் பார்வை மகஜர், எந்த வண்டி எந்தப் பக்கம் நின்றது என்று காட்டும் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, அரசு மருத்துவமனையில் அடிபட்டவரைச் சேர்த்த உடனே எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்று, கடைசியாகக் குற்றப்பத்திரிகை. இவற்றில் எதிலும் ‘மன்னிப்பு’ என்றொரு கட்டம் கிடையாது. வண்டி சாலையின் எந்தப் பாதியில் இருந்தது, எக்ஸெல்லின் எந்தப் பக்கம் நசுங்கியது, தார்ச்சாலையில் டயர் தேய்ந்த தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பவைதான் கேள்விகள். குட்டியானை வலப்பாதியில் இருந்தது வரைபடத்திலேயே தெரிந்துவிடும். ஓட்டுநர் ஊமையாக நின்றிருந்தாலும் அது மாறப்போவதில்லை.

மன்னிப்பு அந்த அறைக்குள் வர வேண்டுமானால் யாராவது கூண்டில் ஏறி, “அவர் மன்னிப்புக் கேட்டதை நான் கேட்டேன்” என்று சாட்சி சொல்ல வேண்டும். உடனே குறுக்கு விசாரணை தொடங்கும். இதைப் புகாரில் சொன்னீர்களா? போலீஸ் விசாரித்தபோது சொன்னீர்களா? இல்லையென்றால் இன்றைக்கு ஏன் சொல்கிறீர்கள்? செல்போன் படத்தைக் காட்டுவதானால் அதற்குச் சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். இத்தனையும் தாண்டி அந்த வாசகம் உள்ளே வந்தால், ஹனுமந்த் வழக்கின் விதிப்படி முழுசாகத்தான் வரும்: கல் கிடந்தது, அதைத் தவிர்க்கத்தான் ஒடித்தேன் என்ற பாதியும் சேர்ந்து. சாலையில் தடை இருந்தது என்பதற்கு உடனடியாகச் சொல்லப்பட்ட ஆதாரமாக அது ஓட்டுநருக்கே உதவலாம். வாயை மூடிக்கொண்டிருந்தவருக்கு அந்த உதவி கிடையாது. ஆறு மாதம் கழித்துத் தாக்கல் செய்யும் எதிருரையில் முதல்முறையாகக் கல்லைப் பற்றி எழுதினால், வக்கீல் சொல்லிக்கொடுத்த கதை என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும்.

இதே ஓட்டுநர் வேறு மாதிரி பேசியிருந்தால்? “மன்னிச்சிருங்கய்யா, போன் வந்துச்சு, குனிஞ்சு எடுத்தேன்.” இது நிச்சயமாக அவருக்கு எதிராகப் போகும். ஆனால் எந்தச் சொல் எதிராகப் போகிறது என்று பார்க்க வேண்டும். மன்னிப்பை நீக்கிவிட்டு “போன் வந்துச்சு, குனிஞ்சு எடுத்தேன்” என்று மட்டும் சொல்லியிருந்தாலும் கேடு அதே கேடுதான். போனை நீக்கிவிட்டு மன்னிப்பை மட்டும் விட்டால் கேடு எதுவும் மிஞ்சாது. சட்டத்தின் கண்ணில் ஒப்புதல் என்பது நடந்த சங்கதியைப் பற்றியது. வருத்தம் சங்கதி அல்ல. வாயைக் காக்கச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

குற்ற வழக்கில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. அங்கே ‘குற்ற ஒப்புதல்’ என்று கொள்ள எது வேண்டும் என்பதை 1939-இலேயே லண்டன் பிரிவி கவுன்சில் பகல நாராயணசுவாமி வழக்கில் தீர்மானித்துவிட்டது. புரி ரயில் நிலையத்தில் இரும்புப் பெட்டிக்குள் ஒருவரின் உடல் கிடந்த வழக்கு அது. குற்றத்தையே நேராக ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது குற்றத்துக்கு வேண்டிய சங்கதிகளை ஏறக்குறைய முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டிவிடக்கூடிய ஏதோ ஒரு சங்கதியை மட்டும் ஒத்துக்கொண்டால் அது குற்ற ஒப்புதல் ஆகாது என்று அட்கின் பிரபு எழுதினார். அஜாக்கிரதையாக ஓட்டிக் காயப்படுத்தியதாக வழக்கு என்றால், எப்படி ஓட்டினார், எதில் கவனம் தவறினார் என்பவை குற்றத்தின் உறுப்புகள். “மன்னிச்சிருங்க” என்பதில் அவற்றில் ஒன்றும் இல்லை. லாரி வேகமாக வந்தது என்று சாட்சிகள் சொன்னதே போதாது, வேகம் மட்டுமே அஜாக்கிரதைக்கு ஆதாரம் ஆகாது என்று கர்நாடக அரசு – சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-இல் சொன்னது. வேகமே தனியாக நிற்காதபோது வருத்தம் எப்படி நிற்கும்?

போலீஸ்காரரிடம் செய்யும் குற்ற ஒப்புதலைக் குற்ற வழக்கில் பயன்படுத்தவே முடியாது. சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தெருவில் நின்ற மற்றவர்களிடம் சொன்னது வரலாம். ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே செய்யும் ஒப்புதல் இயல்பிலேயே பலவீனமான சான்று, எச்சரிக்கையோடுதான் அணுக வேண்டும், வேறு ஆதாரங்களோடு பொருந்த வேண்டும் என்று சகாதேவன் – தமிழ்நாடு அரசு வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் விதிகளை வரிசைப்படுத்தியே கொடுத்திருக்கிறது. அது கொலை வழக்கு. கொலையிலேயே இவ்வளவு நிபந்தனை என்றால், சாலையோரம் பதறிப்போனவர் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

அப்படியானால் இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? ஒரு வேர் வண்டியின் டேஷ்போர்டுக்குள்ளேயே இருக்கிறது. மோட்டார் காப்பீட்டுப் பத்திரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை உண்டு: நிறுவனத்தின் எழுத்துமூலமான சம்மதமில்லாமல் காப்பீடு பெற்றவர் எந்த ஒப்புதலும் வாக்குறுதியும் பணமும் கொடுக்கக் கூடாது. முகவர்கள் இதைத்தான் ‘சாரி சொன்னால் இன்சூரன்ஸ் கிடைக்காது’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். சுருக்கியதில் இரண்டு பிழைகள்.

முதலாவது, அந்த நிபந்தனை குறிவைப்பது பண விஷயத்தை. “எல்லாச் செலவும் நான் பாத்துக்கிறேன், அம்பதாயிரம் தர்றேன்” என்று எழுதிக் கொடுப்பது அதை மீறும். “வலிக்குதாய்யா, மன்னிச்சிருங்க” என்பது மீறாது. இரண்டாவது, மீறியே விட்டாலும் அடிபட்டவருக்கு எதிராக நிறுவனம் அதைத் தூக்கிப்பிடிக்க முடியாது. மூன்றாம் நபருக்குப் பணம் தர மறுப்பதற்கு என்னென்ன காரணம் சொல்லலாம் என்பதை மோட்டார் வாகனச் சட்டம் 1988 தானே எண்ணி எழுதியிருக்கிறது. உரிமம் இல்லாத ஓட்டுநர், அனுமதிச் சீட்டுக்கு மாறான பயன்பாடு, பந்தய ஓட்டம், 2019 திருத்தத்துக்குப் பின் குடிபோதை போன்றவை அதில் உண்டு. ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டார் என்ற காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. உரிமமும் காப்பீடும் சரியாக இருக்கும் வண்டிக்குத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையை நிறுவனம்தான் கட்டப்போகிறது.

தவறு யாருடையது என்ற கேள்வியே எழாத வழியும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்டு மனுப் போடுபவர் ஓட்டுநரின் அஜாக்கிரதையை நிரூபிக்கத் தேவையே இல்லை. அங்கே மன்னிப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இன்னொரு வேர் கடல் கடந்து வந்தது. விபத்து நடந்தால் ‘சாரி’ சொல்லாதே என்பது அமெரிக்கக் காப்பீட்டு உலகின் பழைய பாடம். அங்கே இழப்பீட்டு வழக்கை ஜூரிகள் கேட்பார்கள். ஒரு வார்த்தை அவர்கள் மனத்தைச் சாய்த்துவிடலாம் என்ற பயம் வழக்கறிஞர்களுக்கு உண்டு. இந்தியாவில் விபத்து வழக்கை ஆவணங்களைப் படிக்கப் பழகிய நீதிபதிதான் தீர்மானிக்கிறார், ஜூரி கிடையாது. தவிர, அந்தப் பாடம் அங்கேயே ஆட்டங்கண்டுவிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சைக்கிளில் போன ஒரு பெண் 1974-இல் காரில் அடிபட்டு இறந்தார். அவருடைய தந்தை வில்லியம் சால்டன்ஸ்டால் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். காரோட்டி ஒரு வார்த்தைகூட வருத்தம் தெரிவிக்கவில்லை. சொன்னால் வழக்கில் எதிராகிவிடும் என்ற பயம்தான் காரணம் என்று தந்தைக்குத் தெரியவந்தது. அதன் தொடர்ச்சியாக 1986-இல் அம்மாநிலம், விபத்துக்குப் பின் சொல்லும் அனுதாப வார்த்தையைப் பொறுப்பை ஒப்புக்கொண்டதற்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது என்று சட்டம் செய்தது. இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் மன்னிப்பு மட்டுமே அஜாக்கிரதையை ஒப்புக்கொண்டதாகாது என்று ஒரே வரியில் முடித்தது. ஆசியாவில் முதலாவதாக ஹாங்காங் 2017-இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது.

“பார்த்தீர்களா, அங்கெல்லாம் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் இல்லை. அதனால் இங்கே மன்னிப்பு ஆபத்துதான்” என்று எதிர்த்தரப்பு இதையே திருப்பிப் போடும். காவலுக்கு நாய் இல்லாத வீட்டில் களவு போயிருக்கத்தான் வேண்டும் என்பது போன்ற வாதம் இது. தனிச் சட்டத்தின் துணையில்லாமல் பொதுச் சட்டமே இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டோவுரோ வழக்கு இருக்கிறது. ஒரு நிறுவனம் விற்ற கனோலா விதையில் களைவிதை கலந்திருந்தது. நிறுவனம் விவசாயிகளிடம் எழுத்துமூலமாக மன்னிப்புக் கேட்டது. கவனமாக இருக்க வேண்டிய கடமையில் தவறிவிட்டோம் என்றுகூட எழுதிவிட்டது. அப்படியும் 2003-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் நிறுவனம் அஜாக்கிரதையாக நடக்கவில்லை என்றே தீர்ப்பளித்தது. அஜாக்கிரதையா இல்லையா என்பது நீதிமன்றம் சட்டத்தை வைத்து எடுக்க வேண்டிய முடிவு, அதைக் கட்சிக்காரரின் வருத்தக் கடிதம் எடுத்துவிட முடியாது. சாட்சியச் சட்டத்தின் அடிப்படை அங்கும் இங்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. எழுதிக் கொடுத்த மன்னிப்புக்கே அந்த நிலை என்றால் திருச்சுழிச் சாலையில் வாயால் சொன்னதற்கு என்ன நிலை?

மௌனத்துக்கும் விலை உண்டு என்பதை அந்தப் புத்திமதிக்காரர்கள் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநரிடம் மன்னிப்பைவிட அதிகமாகவே எதிர்பார்க்கிறது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்ய வேண்டும். போலீஸ் கேட்கும் விவரத்தைத் தர வேண்டும். போலீஸ் அங்கே இல்லையென்றால் முடிந்த விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள நிலையத்தில் தகவல் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஊரார் கூடி அடிக்க வருவார்களே என்பது நியாயமான பயம். கூட்டத்தின் கோபத்தால் அங்கே நிற்க முடியாமல் போகலாம் என்பதை அந்தப் பிரிவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் நேரே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடக் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதையின் 106(2)-ஆம் பிரிவு, மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பியோடுபவருக்குப் 10 ஆண்டுவரை சிறை என்றது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடு முழுவதும் எதிர்த்ததால், மற்றப் பிரிவுகள் ஜூலையில் அமலுக்கு வந்தபோது இது மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனாலும் ஓடுபவரைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது அதில் தெரிகிறது. ‘வாயைத் திறக்காதே’ என்ற புத்திமதி அரை நிமிடத்தில் ‘வண்டிய எடு’ என்று மாறிவிடுவதைச் சாலையோரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தீர்ப்பாயத்திலும் மௌனம் கடிக்கும். இழப்பீட்டு வழக்குகளில் ஓட்டுநர் பெரும்பாலும் வருவதே இல்லை. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர்தான் நின்று வாதாடுவார். எதிரே வந்தவர்மீதும் தவறு உண்டு என்று அவர் சொல்வார். “அதைச் சொல்ல வேண்டிய ஓட்டுநரை ஏன் விசாரிக்கவில்லை?” என்று நீதிபதி கேட்பார். வைத்திருக்கும் சாட்சியைக் காட்டாவிட்டால், காட்டியிருந்தால் அது அவருக்கே பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்பது பழைய விதி. இந்த ஊகத்தால் தோற்ற வழக்குகள் நிறைய. மேலே சொன்ன குதிரைவாலிக் கல்லை நினைத்துப் பார்க்கலாம்: அதைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே ஆள் ஓட்டுநர்தான்.

இனி உண்மையான பொறிக்கு வரலாம். கால் முறிந்த வழக்கில் சில மாதங்கள் கழித்துக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலிருந்து ஓட்டுநருக்குச் சம்மன் வரும். அவசரமாக ஓட்டியதற்கு நியாய சன்ஹிதையின் 281-ஆம் பிரிவு, கொடுங்காயத்துக்கு 125(ஆ). முன்னதற்கு அபராதம் மட்டும் என்றால் 1,000 ரூபாய்வரை, பின்னதற்கு 10,000 ரூபாய்வரை போகலாம். வாய்தாவுக்கு வாய்தா அலைந்தால் ஒவ்வொரு நாளும் வண்டி நிற்கும், கூலி போகும். நீதிமன்ற வாசலில் யாராவது சொல்வார்கள்: “ஒத்துக்கிட்டு ஃபைனக் கட்டிட்டுப் போயிருங்கண்ணே. எதுக்கு இழுத்தடிச்சுக்கிட்டு?” ஓட்டுநர் கூண்டில் நின்று, குற்றச்சாட்டைப் படித்துக் காட்டியதும், “ஒத்துக்கிறேன் அய்யா” என்பார்.

அவர் அஜாக்கிரதையாக ஓட்டினார் என்ற முழுக் குற்றச்சாட்டுக்கும் நீதிபதியின் முன் சொன்ன ஒப்புதல் இது. தீர்ப்பு நகல் சான்றொப்பத்தோடு தீர்ப்பாயத்தில் சான்றாவணமாகக் குறியிடப்படும். அதுவும் முடிந்த முடிவல்ல, ஏன் ஒத்துக்கொண்டேன் என்று விளக்கலாம் என்பது உண்மை. ஆனால் விளக்க ஓட்டுநர் அங்கே வருவதில்லை என்பதையும் பார்த்தோம். கல் கிடந்த கதை, எக்ஸெல் விளக்கில்லாமல் வந்ததா என்ற கேள்வி, தவறை இருவருக்கும் பங்கிடும் வாய்ப்பு எல்லாவற்றையும் அந்த ஒரு தாள் மூடிவிடும். ஸ்டேஷனில் ‘சமாதானமாப் போயிறலாம்’ என்று எழுதி வாங்கும் தாளும் இதே வகை: தவறு என்னுடையது, இவ்வளவு தருகிறேன், கீழே கையெழுத்து.

சாலையில் அடிபட்டவர் முன் குனிந்து சொன்ன வார்த்தைக்குப் பயப்படக் கற்றுக்கொடுத்த அதே முதலாளிதான், சம்மன் வந்ததும் அபராதப் பணத்தை எண்ணிக் கொடுத்து, “ஒத்துக்கிட்டு வந்துரு” என்று ஓட்டுநரை அனுப்பிவைக்கிறார்.